சிவப்பு வந்தால் போன், மஞ்சள் வந்தால் சிட்டை

மளிகைக் கடையில் ஒரு சரக்கு தீர்ந்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் வாடிக்கையாளர்தான். அவர் வந்து கேட்ட பிறகு பையன் குடோனுக்கு ஓடுவான், காலிச் சாக்கை உதறிப் பார்ப்பான், "நாளைக்கு வந்துரும்க்கா" என்பான். அந்த அக்கா அடுத்த கடையில் பருப்பு வாங்கும்போது எண்ணெயையும் புளியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

இதைத் தவிர்க்கத்தான் பல கடைகளில் இப்போது பில் போடும் கம்ப்யூட்டரிலேயே எக்செல் தாள் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு பொருள், அதன் இருப்பு, பின்னால் ஒரு நிறம். நிறம் போடுவது கடினமான வேலையல்ல. அந்த நிறத்தைப் பார்க்கிற பையனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிவதுதான் கடினம். தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில், விருதுநகரிலிருந்து பருப்பு வகைகளை எடுத்து விற்கும் ஒரு கடையில், அண்ணாச்சி அதற்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதில் இருப்பது இதுதான்:

"கடையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும். கம்ப்யூட்டரில் தெரியும் கலரை நான் போடவில்லை, நீங்களும் போடக்கூடாது. நீங்கள் எழுதும் எண்ணைப் பார்த்து அதுவே போட்டுக்கொள்கிறது.

சிவப்பு என்றால் போன். லோடு எங்கே நிற்கிறது என்று வியாபாரியிடம் கேளுங்கள். ஆர்டரே போகவில்லை என்றால் உடனே என்னிடம் சொல்லுங்கள்.

மஞ்சள் என்றால் சிட்டை. இன்றைக்கே ஆர்டர் சிட்டையில் எழுத வேண்டும். ஆர்டர் போனதும் அளவை 'ஆர்டரில்' கட்டத்தில் போடுங்கள், மஞ்சள் போய்விடும்.

நீலம் என்றால் நிறுத்து. ஒரு மாதம் விற்பதற்கு மேல் கிடக்கிறது. வியாபாரி எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்காதீர்கள். பழைய மூட்டையை முன்னால் இழுத்துப் போடுங்கள்.

சாம்பல் என்றால் எண்ணு. கட்டம் காலியாக இருக்கிறது, அல்லது எண்ணோடு எழுத்தைச் சேர்த்துவிட்டீர்கள். குடோனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வெறும் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

கலரே இல்லை என்றால் அந்த வரியில் உங்களுக்கு வேலை இல்லை."

பச்சை இல்லை என்பதைக் கவனியுங்கள். இப்படித் தாள் போடுகிற பலர் முதலில் பச்சையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். நானூறு வரிகளில் முந்நூற்றைம்பது பச்சையாக மின்னினால், நடுவில் உள்ள ஏழெட்டு மஞ்சள் கண்ணில் படாது. வேலை இருக்கிற இடத்தில் மட்டும் நிறம் இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி முடிவு செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. "நிறைய இருக்கு, கொஞ்சம் இருக்கு" என்று நிலவரம் சொல்லாமல், போன், சிட்டை, நிறுத்து, எண்ணு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலையைக் கட்டிவிட்டதும் அந்தக் குறிப்பின் பலம்.

இனி நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். துவரம் பருப்பின் ஒரு வரி போதும். அந்தக் கடையில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 12 கிலோ விற்கிறது. ஆர்டர் சொன்னால் சரக்கு வந்து இறங்க 4 நாள் ஆகும். மழை, சந்தை விடுமுறை, லாரி கிடைக்காதது என்று தாமதமானால் 6 நாள் வரை போகும். அந்தக் கூடுதல் 2 நாளைச் சமாளிக்க 24 கிலோ எப்போதும் கையில் இருக்க வேண்டும். இதுதான் காப்பு இருப்பு. லோடு வரும்வரை விற்கப்போகும் 48 கிலோவையும் இந்த 24 கிலோவையும் கூட்டினால் 72. இருப்பு 72 கிலோவுக்கு இறங்கும் நாளில் ஆர்டர் போய்விட வேண்டும். அந்த 72 தான் ஆர்டர் கோடு.

தாளில் A முதல் H வரை எட்டுப் பத்திகள் இருக்கின்றன. A பொருளின் பெயர், B அலகு, C தினசரி விற்பனை, D சரக்கு வர ஆகும் நாள், E காப்பு இருப்பு, F ஆர்டர் கோடு, G கையிருப்பு, H ஆர்டரில் இருப்பது. முதல் வரி தலைப்புக்குப் போய்விடுவதால் சரக்கு இரண்டாம் வரியில் தொடங்குகிறது. ஆர்டர் கோட்டை யாரும் கையால் எழுதுவதில்லை, F2 கட்டத்தில் இந்தச் சூத்திரம் இருக்கிறது:

```
=C2*D2+E2
```

நிறத்துக்கான சூத்திரங்கள் கட்டத்துக்குள் தெரியாது. அவை தாளுக்குப் பின்னால் விதிகளாக உட்கார்ந்திருக்கின்றன. எக்செலில் Home தாவலில் Conditional Formatting, New Rule, பிறகு Use a formula to determine which cells to format என்று போனால் ஒரு பெட்டி திறக்கும். கூகுள் ஷீட்ஸில் Format பட்டியலில் Conditional formatting போய் Custom formula is என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பெட்டியில் எழுதும் சூத்திரத்துக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்று இரண்டே விடைதான். ஆம் என்றால் நிறம் விழும். இந்த வசதி எக்செலுக்கு 1997-ம் ஆண்டுப் பதிப்பிலேயே வந்துவிட்டது. அப்போது ஒரு கட்டத்துக்கு மூன்று விதிகள்தான் வைக்க முடியும், 2007 பதிப்பில்தான் அந்த வரம்பு போனது. அண்ணாச்சியின் தாளில் இருப்பவை நான்கு, இந்த வரிசையிலேயே:

```
சாம்பல்  =AND($A2<>"",NOT(ISNUMBER($G2)))
சிவப்பு   =AND(ISNUMBER($G2),$G2<=$E2)
மஞ்சள்   =AND(ISNUMBER($G2),SUM($G2:$H2)<=$F2)
நீலம்    =AND(ISNUMBER($G2),$G2>$C2*30)
```

வரிசை முக்கியம். பருப்பு 20 கிலோதான் இருக்கிறது, ஆர்டரும் போகவில்லை என்றால் சிவப்பு விதிக்கும் 'ஆம்', மஞ்சள் விதிக்கும் 'ஆம்'. இரண்டு விதிகள் ஒரே கட்டத்துக்குப் போட்டியிட்டால் பட்டியலில் மேலே இருப்பதுதான் ஜெயிக்கும். மஞ்சளை மேலே வைத்தால், ஆர்டர் போகாத பொருள் முற்றிலும் தீர்ந்த பிறகும் மஞ்சளாகவே நிற்கும். எக்செலில் புதிதாகச் சேர்க்கும் விதி தானாகப் பட்டியலின் தலையில் போய் உட்காரும் என்பதால், கடைசியாகச் சேர்த்த விதியை Manage Rules பெட்டியில் அம்புக்குறியைத் தட்டிக் கீழே இறக்க வேண்டியிருக்கும்.

சூத்திரத்தில் உள்ள டாலர் குறி பார்ப்பவர்களை மிரட்டும். அது சொல்வது ஒன்றுதான்: எந்தக் கட்டத்துக்கு நிறம் போடுவதாக இருந்தாலும் G பத்தியையே பார், பக்கத்துக்கு நகராதே. டாலர் இல்லாமல் G2 என்று மட்டும் எழுதினால், A கட்டம் G-ஐப் பார்க்கும், B கட்டம் H-ஐப் பார்க்கும், C கட்டம் அதற்கும் அப்பால் உள்ளதைப் பார்க்கும். வரி முழுக்க ஒரே நிறம் வராமல் அங்கங்கே திட்டுத்திட்டாக விழுந்தால் டாலர் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். 2 என்ற எண்ணுக்கு முன்னால் டாலர் போடாததும் வேண்டுமென்றேதான், வரி மாறும்போது அதுவும் மாற வேண்டும். விதி பொருந்தும் பரப்பு இரண்டாம் வரியில் தொடங்கி, சூத்திரத்தில் மட்டும் 3 என்று இருந்தால், ஒவ்வொரு பொருளும் தனக்கு அடுத்த பொருளின் நிறத்தைப் போர்த்திக்கொள்ளும். சீனி மூட்டை மூட்டையாகக் கிடக்க, வரி சிவந்திருந்தால், உடனே அதற்குக் கீழே உள்ள வரியில் இருப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

சிவப்பு விதி G-ஐ மட்டும் பார்க்கிறது, மஞ்சள் விதியோ G-ஐயும் H-ஐயும் கூட்டிப் பார்க்கிறது. இந்தச் சின்ன வேறுபாட்டில்தான் முழு ஏற்பாடும் நிற்கிறது. மஞ்சள் விதியும் கையிருப்பை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? திங்கட்கிழமை காலையில் ஒரு பையன் மஞ்சளைப் பார்த்து ஆர்டர் சொல்வான். லோடு வரும்வரை மஞ்சள் மாறாது. செவ்வாய்க்கிழமை இன்னொருவன் பார்த்து இன்னொரு ஆர்டர் சொல்வான். வெள்ளிக்கிழமை இரண்டு லோடு வந்து நிற்கும்.

அண்ணாச்சியின் தாளில் அது இப்படி நடக்கிறது. திங்கள் காலை பருப்பு 70 கிலோ, வரி மஞ்சள். 150 கிலோவுக்குச் சிட்டை போகிறது, H-இல் 150 எழுதப்படுகிறது. 70-ம் 150-ம் 220, ஆர்டர் கோடான 72-ஐ விட அதிகம் என்பதால் மஞ்சள் மறைகிறது. செவ்வாய் 58, புதன் 46, வியாழன் 34. வெள்ளி காலை 22 கிலோ, லோடு வரவில்லை. 24-க்குக் கீழே போய்விட்டதால் வரி சிவக்கிறது. அன்றைக்குத்தான் லோடு வந்திருக்க வேண்டும் என்பதைக் கவனித்தால் சிவப்பின் பொருள் விளங்கும். கணக்குப்படி எல்லாம் நடந்தால், காப்பு இருப்பில் கை வைக்கும் நேரத்தில் லாரி வாசலில் நிற்க வேண்டும். ஆகவே ஆர்டர் போன பொருளில் சிவப்பு வந்தால் ஒன்று லோடு தாமதம், இல்லையென்றால் விற்பனை வழக்கத்தைவிடக் கூடிவிட்டது. இரண்டுக்குமே போன்தான் மருந்து, இரண்டாவது ஆர்டர் அல்ல.

லோடு இறங்கியதும் இரண்டு கட்டங்களைத் தொட வேண்டும். G-இல் 150 கூட்ட வேண்டும், H-ஐ அழிக்க வேண்டும். முதலாவதை யாரும் மறப்பதில்லை, மறப்பது இரண்டாவதைத்தான். H-இல் பழைய 150 அப்படியே கிடந்தால், அடுத்த முறை கையிருப்பு 72-க்கு இறங்கும்போது கணினி 222 இருப்பதாக நினைத்துக்கொள்ளும், மஞ்சள் வராது. ஒரு பொருள் மஞ்சளாகாமல் நேராகச் சிவந்து, வியாபாரியைக் கேட்டால் "உங்க ஆர்டர் எதுவும் பாக்கி இல்லையே" என்று சொன்னால், H கட்டத்தில் செத்த ஆர்டர் ஒன்று உயிரோடு இருக்கிறது.

சாம்பல் நிறத்தை ஏன் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. தாளைப் போட்ட புதிதில் சாம்பல் விதியும் கிடையாது, ISNUMBER சோதனையும் கிடையாது, மஞ்சள் விதியில் SUM-உம் கிடையாது. குடோன் பையன் அக்கறையாக "6 கிலோ" என்று எழுதிவிட்டான். வெறும் 6 என்று எழுதியிருந்தால் சிவந்திருக்கும். ஆனால் எண்ணோடு எழுத்து சேர்ந்ததும் எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது, வாசகமாக எடுத்துக்கொள்ளும். வாசகத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால், எந்த வாசகமும் எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது அதன் விதி. ஆகவே "6 கிலோ" என்பது 24-ஐவிடப் பெரியது, 72-ஐவிடப் பெரியது, ஒரு மாத விற்பனையான 360-ஐயும்விடப் பெரியது. தீரப்போகிற பருப்பு நீலமாக மாறி, இனிமேல் வாங்காதே என்று சொன்னது. கணினி பிழை எதையும் காட்டாது, மணியும் அடிக்காது. கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் மட்டும் உண்டு: எக்செல் எண்ணை வழக்கமாகக் கட்டத்தின் வலது ஓரத்திலும் வாசகத்தை இடது ஓரத்திலும் ஒட்டி வைக்கும். எல்லா எண்ணும் வலப்பக்கம் நிற்க ஒன்று மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அதைச் சந்தேகப்பட வேண்டும்.

காலிக் கட்டம் இதற்கு நேர் எதிர். அதைச் சூனியமாக எடுத்துக்கொண்டு சிவப்பைக் காட்டும். பொய் அபாயத்துக்கு நாலு தடவை ஓடிய பையன் ஐந்தாவது தடவை உண்மையான சிவப்பைப் பார்த்தும் அசைய மாட்டான். இரண்டையும் பிடித்துச் சாம்பலில் போட்டுவிட்டால், "தெரியவில்லை" என்பதை "இல்லை" என்பதோடும் "நிறைய இருக்கிறது" என்பதோடும் குழப்பிக்கொள்ளும் ஆபத்து போய்விடும்.

அலகு விஷயம் இதைவிடச் சிக்கல், ஏனென்றால் அங்கே எந்தச் சூத்திரமும் உதவாது. அரிசி வரியில் ஒருவன் 8 என்று மூட்டைக் கணக்கில் எழுதுவான், இன்னொருவன் 208 என்று கிலோக் கணக்கில் எழுதுவான். இரண்டும் எண்தான், இரண்டுக்கும் நிறம் விழும். அதிலும் மூட்டை என்றால் எத்தனை கிலோ என்பதே இப்போது தெளிவில்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, முன்கூட்டியே அடைத்து லேபிள் இட்ட பைகளுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் ஆலைக்காரர்கள் 26 கிலோ பை போடத் தொடங்கினார்கள். அண்ணாச்சி B பத்தியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே அலகை எழுதி வைத்து, அதை மாற்றும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். எல்லாம் கிலோ, எண்ணெய் மட்டும் லிட்டர். மூட்டை, டின், சிப்பம் எதுவும் தாளுக்குள் வரக்கூடாது.

குறிப்பின் அடியில் இன்னொரு பத்தியும் இருக்கிறது: "கலர் நேற்று ராத்திரிக் கணக்கு. காலையில் ஹோட்டல்காரர் 30 கிலோ எடுத்துக்கொண்டு போனால் அதற்குத் தெரியாது. 10 கிலோவுக்கு மேல் ஒரே பில்லில் போனால் உடனே G-இல் கழித்துவிடுங்கள். எலி கடித்தது, சிந்தியது, பழுதானது இதையும் கழியுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கலரை நம்பாதீர்கள், என்னைக் கேளுங்கள்."

பண்டிகை பற்றிய அந்த எச்சரிக்கை வெறும் பேச்சல்ல. வெல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் 5 கிலோ விற்கிறது, வர 6 நாள் ஆகிறது, காப்பு 10 கிலோ, ஆகவே ஆர்டர் கோடு 40. ஜனவரி முதல் வாரத்தில் 45 கிலோ கிடக்கிறது, வரியில் எந்த நிறமும் இல்லை. ஆனால் அந்த வாரத்தில் நாளொன்றுக்கு 30 கிலோ போகும். 45 கிலோ ஒன்றரை நாளில் காலி, புதுச் சரக்கு வர 6 நாள். தாள் பொய் சொல்லவில்லை, ஆடி மாதத்து விற்பனையை வைத்துத் தை மாதத்துக்குப் பதில் சொல்கிறது. டிசம்பர் கடைசியில் வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு வரிகளில் C-ஐ மாற்றிவிட்டால் ஆர்டர் கோடு தானே உயர்ந்து, மஞ்சள் சரியான நேரத்தில் வரும். வெல்லத்துக்கு C-இல் 30 போட்டால் கோடு 190 ஆகிவிடும். பொங்கல் முடிந்ததும் பழைய எண்ணுக்குத் திரும்பாவிட்டால், விற்காத வெல்லத்துக்கு மாசி வரை மஞ்சள் காட்டிக்கொண்டே இருக்கும்.

கையால் நிறம் பூசக்கூடாது என்று குறிப்பின் முதல் வரியிலேயே சொல்லியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. விதியின் நிறம் கையால் பூசிய நிறத்தின் மேல் விழும். விதி விலகியதும் அடியில் பூசியது வெளியே வரும். யாரோ ஒரு நாள் ஞாபகத்துக்காகப் பூசிய மஞ்சள், வேலை எதுவும் இல்லாத வரியில் நிரந்தரமாக நின்றுவிடும். அதைப்போலவே வேறு தாளிலிருந்து எண்களை நகலெடுத்து ஒட்டும்போது நிற விதிகளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் நான்கு விதிகள் நாற்பது துண்டாகச் சிதறிக் கிடக்கும். Paste Special போய் Values என்பதைத் தேர்ந்து ஒட்டினால் எண் மட்டும் வரும்.

நிறம் மட்டும் போதாது என்பதும் உண்மை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கச் சிரமப்படுபவர்கள் உண்டு, பெண்களைவிட ஆண்களில் அது அதிகம். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தால் எல்லாம் சாம்பல்தான். எத்தனை வரி சிவப்பு என்று COUNTIF-ஐக் கேட்டால் அதற்கும் தெரியாது, அது கட்டத்தின் உள்ளே இருப்பதைப் பார்க்குமே தவிர நிறத்தைப் பார்க்காது. அதனால் I பத்தியில் அதே வேலையைச் சொல்லாகவும் வரவைத்திருக்கிறார்கள்:

```
=IF(NOT(ISNUMBER(G2)),"எண்ணு",
 IF(G2<=E2,"போன்",
 IF(SUM(G2:H2)<=F2,"ஆர்டர்",
 IF(G2>C2*30,"நிறுத்து",""))))
```

உங்கள் கடையிலும் இப்படி ஒரு தாள் போடுவதாக இருந்தால், பையன்களிடம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு வரியில் சோதித்துப் பாருங்கள். துவரம் பருப்பு வரியில் H காலியாக இருக்கட்டும். G-இல் 24 எழுதினால் சிவப்பு, 25 மஞ்சள், 72 மஞ்சள், 73 நிறமில்லை, 361 நீலம் வர வேண்டும். பிறகு கட்டத்தைக் காலி செய்து பாருங்கள், "6 கிலோ" என்று எழுதியும் பாருங்கள், இரண்டு முறையும் சாம்பல் வர வேண்டும். ஏதாவது ஒன்று தவறினால் முதலில் விதிகளின் வரிசையைப் பாருங்கள், அடுத்து டாலர் குறியை.